பார்கோடு ஸ்கேனரை அமைப்பது எப்படி: செருகுவது முதல் கடைசி என்டர் வரை

புதிதாக வாங்கிய ஸ்கேனரைக் கணினியில் செருகி, கையில் அகப்பட்ட சோப்பு உறையின் மீது காட்டினால் பீப் என்று ஒலிக்கும். எண் திரையில் வந்து விழும். வேலை முடிந்தது என்று நினைத்துப் பில் போடும் திரையைத் திறந்தால்தான் சிக்கல் தெரியும். எண் கட்டத்துக்குள் வந்து அப்படியே நின்றுவிடும். பொருளின் பெயரோ விலையோ வராது. ஒவ்வொரு முறையும் கை நீட்டி என்டர் விசையைத் தட்ட வேண்டியிருக்கும். சில ஸ்கேனர்களில் இதற்கு நேர்மாறாக, ஒன்றுக்கு இரண்டாக என்டர் விழுந்து கர்சர் எங்கோ போய் நிற்கும்.

இரண்டுமே பழுது அல்ல. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். எண்ணுக்குப் பின்னால் எந்த விசையை அழுத்த வேண்டும் என்று ஸ்கேனருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்தப் பின்னொட்டை அமைப்பதுதான் இக்கட்டுரை. ஒரு மளிகைக் கடையின் பில் மேசையை மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறேன். நூலகம், மருந்துக் கடை, கிடங்கு எதுவானாலும் முறை ஒன்றுதான்.

ஸ்கேனருக்கு என்ன தெரியும்

கடைகளில் பெரும்பாலும் விற்கும் யூஎஸ்பி ஸ்கேனர், கணினியிடம் தன்னை ஒரு விசைப்பலகை என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது. கோடுகளைப் படித்து, அதில் உள்ள எழுத்துகளை மிக வேகமாகத் தட்டுகிறது. பொருளின் பெயரும் விலையும் பார்கோடுக்குள் இல்லை. அவை உங்கள் பில் மென்பொருளின் பட்டியலில் இருக்கின்றன. எந்த ஜன்னல் திறந்திருக்கிறது, கர்சர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதும் ஸ்கேனருக்குத் தெரியாது. வாட்ஸ்அப் திறந்திருந்தால் எண் அங்கே போய் விழும். பின்னொட்டாக என்டரும் இருந்தால் அது யாருக்காவது அனுப்பப்பட்டும் விடும். உறவினர் ஒருவருக்குப் பதின்மூன்று இலக்க எண் போய்ச் சேர்ந்து, அவர் பதறிப்போய்த் திருப்பி அழைப்பதெல்லாம் பில் மேசையில் நடப்பதுதான்.

இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற எல்லாமே எளிது. ஸ்கேனர் செய்யும் எதையும் ஒரு மனிதர் விசைப்பலகையில் செய்துபார்க்க முடியும். சந்தேகம் வரும்போதெல்லாம் ஸ்கேனரைக் கீழே வைத்துவிட்டு, அதே எண்ணைக் கையால் தட்டிப் பாருங்கள். கையால் தட்டினாலும் அதே கோளாறு வந்தால் தவறு மென்பொருளில். கையால் தட்டும்போது சரியாக வந்தால் ஸ்கேனரின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

செருகியவுடன்

நோட்பேடைத் திறந்து, ஏதாவது ஒரு பொருளை ஸ்கேன் செய்யுங்கள். எண் வந்து, கர்சர் அதே வரியின் முடிவில் நின்றால் பின்னொட்டு இல்லை என்று பொருள். கர்சர் அடுத்த வரிக்கு இறங்கினால் என்டர் ஏற்கெனவே அமைக்கப்பட்டிருக்கிறது. நடுவில் ஒரு வெற்று வரி விட்டு இறங்கினால் இரண்டு என்டர் விழுகிறது. கொஞ்சம் இடம் விட்டு அதே வரியில் தள்ளி நின்றால் அது டேப். தொழிற்சாலையிலிருந்து எப்படி வரும் என்பது மாதிரிக்கு மாதிரி மாறும்; சில என்டருடன் வருகின்றன, சில வெறும் எண்ணை மட்டும் அனுப்புகின்றன. ஆகவே பக்கத்துக் கடையில் அப்படியே வேலை செய்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பீப் ஒலிக்கிறது, ஆனால் நோட்பேடில் எதுவுமே விழவில்லை என்றால் வேறு சங்கதி. ஸ்கேனர் விசைப்பலகையாக இல்லாமல் சீரியல் போர்ட்டாக அமைந்திருக்கலாம். விண்டோஸில் `Device Manager` திறந்து பாருங்கள். ஸ்கேனரைச் செருகும்போது `Keyboards` என்ற தலைப்பின் கீழ் புதிதாக ஒரு `HID Keyboard Device` சேர வேண்டும். பிடுங்கினால் அது மறைய வேண்டும். அதற்குப் பதிலாக `Ports (COM & LPT)` என்பதன் கீழ் ஒன்று முளைத்தால், கையேட்டில் `USB Keyboard` அல்லது `HID Keyboard` என்று அச்சிட்டிருக்கும் குறியை ஒருமுறை ஸ்கேன் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு கேபிளைப் பிடுங்கிச் செருகிவிடுங்கள்.

எந்த விசை வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது

பலரும் இந்த இடத்தைத் தாண்டி நேராகக் கையேட்டைப் புரட்டப் போய்விடுகிறார்கள். பின்னொட்டு எதுவாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்கேனர் அல்ல, உங்கள் திரை. அதனால் ஸ்கேனரைத் தொடாமலேயே தொடங்க வேண்டும்.

பில் திரையைத் திறந்து, கர்சரைப் பார்கோடு கட்டத்தில் வையுங்கள். ஒரு பொருளின் எண்ணைக் கையால் தட்டுங்கள். உதாரணத்துக்கு 8901234567890 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 890 என்பது இந்தியாவில் பதிவு செய்த நிறுவனங்களின் பொருள்களுக்கு வரும் முன்னெண்; இலங்கைக்கு அது 479. கடைசி இலக்கம் மற்ற பன்னிரண்டையும் சரிபார்க்கும் இலக்கம். இப்போது அடுத்த பொருளுக்குத் தயாராகும்வரை என்னென்ன விசைகளை அழுத்துகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதே உங்கள் பின்னொட்டு.

ஒரே ஒரு என்டர் அழுத்தியதும் பொருள் பில்லில் சேர்ந்து, கர்சர் அடுத்த வரியின் பார்கோடு கட்டத்துக்குப் போனால், ஸ்கேனருக்கு ஒரு என்டர் போதும். எக்செல் தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக எண்களை ஏற்றுவதானாலும் என்டர்தான். பக்கவாட்டில் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் டேப். இணையப் பக்கங்களில் உள்ள படிவங்களில் கவனம் தேவை. அங்கே என்டர் அழுத்தினால் பெரும்பாலும் படிவமே சமர்ப்பிக்கப்பட்டுவிடும். பார்கோடுக்குப் பிறகு இன்னும் நிரப்ப வேண்டிய கட்டங்கள் இருந்தால் டேப் வையுங்கள்.

இனி சிக்கலான வகை. பில் திரையில் பார்கோடு, அளவு, விலை என்று மூன்று கட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. பார்கோடு தட்டி என்டர் அழுத்தினால் கர்சர் அளவுக் கட்டத்தில் போய் நிற்கிறது. ஸ்கேனரில் ஒரு என்டர் வைத்திருக்கிறீர்கள். முதல் பிஸ்கட் பாக்கெட்டை ஸ்கேன் செய்கிறீர்கள், பெயர் வருகிறது, கர்சர் அளவில் நிற்கிறது. கவனிக்காமல் இரண்டாவது பாக்கெட்டையும் ஸ்கேன் செய்கிறீர்கள். அந்த எண் எங்கே விழும்? அளவுக் கட்டத்தில். முதல் பிஸ்கட்டின் எண்ணிக்கை 8901234567890 பாக்கெட் ஆகிவிடும். நல்ல மென்பொருள் இதைத் தடுக்கும். தடுக்காத மென்பொருளில் பில் தொகை லட்சம் கோடிகளைத் தொடும், இருப்புக் கணக்கு பாதாளத்தில் விழும். திரையில் தொகை கட்டத்தை மீறி ஓடுவதைக் கண்டால் வேறு எதையும் ஆராய வேண்டாம், காரணம் இதுதான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஸ்கேனரில் இரண்டோ மூன்றோ என்டர் வைத்துக் கர்சரை அடுத்த வரிக்குத் தள்ளிவிடுவது. மற்றது, மென்பொருளின் அமைப்புக்குள் போய், பார்கோடு வந்தவுடன் அளவை 1 என்று வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகும்படி செய்வது. பில் மென்பொருள்கள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. விற்றவரிடம் கேட்டால் எந்த மெனுவில் என்று சொல்வார். நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். காரணத்தை விளக்கிவிடுகிறேன்.

பட்டியலில் இல்லாத ஒரு பொருளை ஸ்கேன் செய்தால் மென்பொருள் ‘இப்பொருள் இல்லை’ என்று ஒரு சிறு பெட்டியைக் காட்டும். அந்தப் பெட்டி என்டர் அழுத்தினால் மூடும். ஸ்கேனர் இரண்டு என்டர் அனுப்பினால், முதல் என்டர் பெட்டியைத் திறக்கும், இரண்டாவது என்டர் அதை மூடிவிடும். கண் சிமிட்டும் நேரத்துக்குள் எச்சரிக்கை வந்து போய்விடும். பீப் ஒலித்ததால் பில் போடுபவர் பொருளைப் பையில் போடுவார். பணம் வராமலேயே பொருள் வாசலைத் தாண்டும்.

ஒரு என்டர் வைத்தாலும் இந்த ஆபத்து முழுவதும் நீங்காது. பெட்டி திறந்தபடி நிற்கும்போது அடுத்த பொருளை ஸ்கேன் செய்தால், அதன் எண் எங்கும் விழாமல் வீணாகும், அதன் என்டர் பெட்டியை மூடும். இப்போது இரண்டு பொருள்கள் பில்லில் இல்லை. ஆகவே பில் மேசையில் அமர்பவருக்கு ஒன்றைச் சொல்லித் தர வேண்டும்: ஸ்கேனரின் பீப் ஒலிக்குக் ‘கோடுகளைப் படித்துவிட்டேன்’ என்று மட்டுமே அர்த்தம், ‘பில்லில் சேர்த்துவிட்டேன்’ என்று அர்த்தம் இல்லை. பொருளைப் பையில் போடும் முன் கண் திரைக்குப் போக வேண்டும். பிழை வரும்போது கணினி தனியாக ஓர் ஒலி எழுப்பும்படி மென்பொருளில் அமைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கையேட்டுக் குறிகளால் அமைப்பது

ஸ்கேனரில் பொத்தான் ஒன்றுதான் இருக்கும். மெனு கிடையாது. அதன் அமைப்பை மாற்றுவதற்கென்றே கையேட்டில் சிறப்புப் பார்கோடுகளை அச்சிட்டிருப்பார்கள். அவற்றைப் படித்தவுடன் ஸ்கேனர் எதையும் தட்டாமல் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும். கையேடு இல்லாவிட்டால், ஸ்கேனரின் கைப்பிடியிலோ அடிப்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பதிவிறக்குங்கள். வேறு நிறுவனத்தின் கையேடு உதவாது. தவறான கையேட்டின் குறியைக் காட்டினால் ஸ்கேனர் பெரும்பாலும் அதைச் சாதாரணப் பார்கோடாகப் படித்து, புரியாத எழுத்துகளைத் திரையில் தட்டிவைக்கும். அமைப்புக் குறியைக் காட்டியும் நோட்பேடில் எழுத்துகள் விழுந்தால் இரண்டில் ஒன்று: கையேடு வேறு, அல்லது அமைப்பு நிலைக்குள் ஸ்கேனர் இன்னும் நுழையவில்லை.

கையேட்டைக் கணினித் திரையில் வைத்து ஸ்கேன் செய்ய முயல்கிறீர்களா? உங்கள் ஸ்கேனர் லேசர் வகையானால் படிக்காது; காகிதத்தில்தான் படிக்கும். கேமரா போலப் படம் எடுத்துப் படிக்கும் வகையானால், அதாவது க்யூஆர் குறியும் படிக்கும் வகையானால், திரையிலிருந்தே படிக்கும். அச்சிடுவதானால் அளவைச் சுருக்காமல் நூறு சதவீதத்தில் அச்சிடுங்கள். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனால் எந்த ஸ்கேனரும் திணறும்.

தேட வேண்டிய பக்கத்தின் தலைப்பு `Suffix`, `Terminator`, `Terminating Character` என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். அதன் கீழ் `Add CR`, `Add Enter Key`, `Add Tab`, `CR+LF`, `None` என்று பல குறிகள் நெருக்கமாக இருக்கும். இந்த நெருக்கம்தான் ஆபத்து. ஒன்றைக் குறிவைத்தால் பக்கத்தில் இருப்பது மாட்டிக்கொள்ளும். வேண்டிய குறியைத் தவிர மற்றவற்றை இரண்டு வெள்ளைத் தாள்களால் மூடிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். சில மாதிரிகளில், பெரும்பாலும் விலை குறைந்தவற்றில், முதலில் `Enter Setup` என்ற குறியைக் காட்ட வேண்டும். விலை கூடிய பலவற்றில் இது தேவையில்லை. அடுத்து, பழைய பின்னொட்டை நீக்கும் குறி. `Clear All Suffixes` என்றோ `None` என்றோ இருக்கும். இதை விட்டுவிட்டால் சில மாதிரிகளில் புதியது பழையதோடு சேர்ந்துகொள்ளும், இரட்டை என்டர் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதன் பிறகு `Add CR` அல்லது `Add Enter Key`. கடைசியாக, `Enter Setup` காட்டியிருந்தால் `Exit Setup` அல்லது `Save` குறியையும் காட்ட வேண்டும். மறந்தால் மாற்றம் நிலைக்காது.

அமைப்புக் குறி ஏற்கப்பட்டதைப் பல ஸ்கேனர்கள் தனி ஒலியால் சொல்கின்றன. வழக்கமான ஒற்றை பீப் அல்லாமல் சுருதி ஏறி இறங்கும் தொடர் ஒலியாக அது இருக்கும். காதை மட்டும் நம்பாமல் உடனே நோட்பேடுக்குப் போய் ஒரே பொருளை மூன்று முறை ஸ்கேன் செய்யுங்கள். மூன்று எண்களும் மூன்று வரிகளில், இடையில் வெற்று வரி இல்லாமல் வந்தால் முடிந்தது.

```
8901234567890
8901234567890
8901234567890
```

‘எல்லாவற்றையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோ’ என்ற `Factory Default` குறியைக் கடைசி ஆயுதமாக மட்டும் வைத்திருங்கள். பின்னொட்டு ஒன்றைச் சரிசெய்யப் போய் இதைக் காட்டினால், வயர்லெஸ் ஸ்கேனரின் இணைப்பு அறுந்துபோகலாம், விசைப்பலகையாக இருந்தது வேறு நிலைக்கு மாறிவிடலாம். நிறுவனத்தின் அமைப்பு மென்பொருள் இருந்தால் தாள் வேலையே வேண்டாம். ஸீப்ரா ஸ்கேனர்களுக்கு `123Scan`, ஹனிவெல் ஸ்கேனர்களுக்கு `EZConfig` என்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே ஒரு ஸ்கேனருக்காக அதை நிறுவிப் படித்துக்கொண்டிருப்பதைவிடத் தாள்தான் விரைவு என்பது என் எண்ணம். பத்து ஸ்கேனர் இருந்தால் கதை வேறு.

சிஆர், எல்எஃப், இரண்டும்

கையேட்டில் `CR`, `LF`, `CR+LF` என்று மூன்று இருப்பதைக் கண்டு எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்புவார்கள். `CR` என்பது எழுத்துக் குறியீட்டில் 13 என்ற எண். விசைப்பலகையாக வேலை செய்யும் ஸ்கேனர் அதை என்டர் விசையாகத் தட்டும். `LF` என்பது 10. அதற்கு விசைப்பலகையில் தனி விசை கிடையாது. கோப்புகளில் வரி முடிவைக் குறிக்க இரண்டும் சேர்ந்து வருவதுண்டு என்பதால் `CR+LF` தான் ‘முழுமையானது’ என்று எண்ணி அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. பில் மேசைக்கு அது வேண்டாம்.

தனி விசை இல்லாத எழுத்தைத் தட்டச் சொன்னால் ஸ்கேனர் என்ன செய்யும்? சில மாதிரிகள் இன்னொரு என்டராகத் தட்டும். சில, கண்ட்ரோல் விசையையும் ஜே விசையையும் சேர்த்து அழுத்தும், ஏனெனில் அந்தச் சேர்க்கைதான் 10 என்ற குறியீட்டைக் குறிப்பது. இதன் விளைவு குரோம் உலாவியில் வேடிக்கையாக இருக்கும். அங்கே `Ctrl+J` என்பது பதிவிறக்கப் பட்டியலைத் திறக்கும் குறுக்குவழி. ஒவ்வொரு பொருளை ஸ்கேன் செய்யும்போதும் பதிவிறக்கப் பக்கம் புதிதாகத் திறந்துகொண்டே இருந்தால், வைரஸ் என்று பயந்து கணினியைப் பழுது பார்க்கக் கொடுக்க வேண்டாம். பின்னொட்டில் `LF` இருக்கிறது. அதை நீக்கி `CR` மட்டும் வையுங்கள், நின்றுவிடும்.

நோட்பேடில் பார்த்தால் இந்த வேறுபாடு எப்போதும் தெரியாது. விசைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஒரு சிறு பக்கம் போதும். கீழே உள்ளதை நோட்பேடில் ஒட்டி, `test.html` என்று சேமித்து, உலாவியில் திறந்து, கட்டத்தில் கர்சரை வைத்து ஸ்கேன் செய்யுங்கள்.

```html
<input id="box" autofocus>
<pre id="out"></pre>
<script>
box.onkeydown = e => {
  e.preventDefault();
  out.textContent += e.key + " ";
};
</script>
```

கட்டம் காலியாகவே இருக்கும். தட்டிய விசைகள் அதன் கீழே வரிசையாக வரும். சரியாக அமைந்த ஸ்கேனர் இப்படிக் காட்டும்:

```
8 9 0 1 2 3 4 5 6 7 8 9 0 Enter
```

முடிவில் `Enter Enter` என்று வந்தால் இரட்டை. `Enter Control j` என்று வந்தால் மேலே சொன்ன `LF`. `Tab` என்று வந்தால் டேப். முன்னால் ஏதாவது கூடுதல் எழுத்து வந்தால் முன்னொட்டு ஒன்று அமைந்திருக்கிறது என்று பொருள். `Prefix` பக்கத்துக்குப் போய் அதை நீக்க வேண்டும்.

எண் சரி, எழுத்து மட்டும் தவறு

பிஸ்கட், சோப்பு, எண்ணெய் எல்லாம் ஒழுங்காக வருகின்றன. கடையிலேயே பொட்டலம் போட்டு ஒட்டிய பருப்பு, மிளகாய்த் தூள் லேபிள்கள் மட்டும் ‘இல்லை’ என்று வருகின்றன. லேபிள் அச்சு சரியில்லை என்றுதான் முதலில் தோன்றும். நிறுவனப் பொருள்களின் குறியில் எண்கள் மட்டுமே உண்டு. நீங்கள் அச்சிட்ட லேபிளில் எழுத்துகளும் உண்டு. வேறுபாடு அங்கேதான்.

ஸ்கேனர் ‘A’ என்ற எழுத்தை அனுப்புவதில்லை; ஷிஃப்ட் விசையையும் அந்த எழுத்து இருக்கும் விசையையும் அழுத்தியதாகச் சொல்கிறது. அந்த விசைக்கு என்ன எழுத்து என்று முடிவு செய்வது கணினி. கேப்ஸ் லாக் போடப்பட்டிருந்தால் `PAR-500` என்ற லேபிள் `par-500` என்று வந்துவிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கும் மென்பொருளில் பொருள் கிடைக்காது. கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

தமிழில் பொருள் பெயர் உள்ளிடும் கடைகளுக்கு இன்னொன்று உண்டு. விசைப்பலகை தமிழ்99 நிலையில் இருக்கும்போது ஸ்கேன் செய்தால், `hjk` என்று அச்சிட்ட குறி ‘கபம’ என்று விழும். எண்கள் எண்களாகவே வரும் என்பதால் காரணம் சட்டென்று பிடிபடாது. பில் திரைக்கு வரும்முன் ஆங்கில விசைப்பலகைக்கு மாற்றுவதே வழி. அடிக்கடி மறப்பவர்கள் தங்கள் லேபிள்களில் எண்களை மட்டும் பயன்படுத்தலாம். பருப்புக்கு `20500` என்று வைத்தால் எந்த விசைப்பலகையிலும் பிசகாது என்று சொல்ல ஆசைதான், ஆனால் பிரான்சில் கடை வைத்திருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. அங்குள்ள விசைப்பலகையில் எண்களுக்கே ஷிஃப்ட் வேண்டும். அமெரிக்க விசைப்பலகை என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஸ்கேனர் 1, 2, 3 என்று தட்டினால் `&`, `é`, `"` என்று விழும். கையேட்டில் `Country Keyboard` என்ற பக்கத்தில் பிரான்சுக்குரிய குறியைக் காட்டினால் சரியாகும்.

எக்செலில் ஏற்றும்போது

இருப்புக் கணக்கெடுக்கப் பலரும் எக்செலைத் திறந்து ஸ்கேன் செய்துகொண்டே போவார்கள். என்டர் இருந்தால் கர்சர் தானாகக் கீழே இறங்கும். முதல் எண்ணே `8.90123E+12` என்று நிற்கும். எக்செல் அதை எண்ணாக எடுத்துச் சுருக்கிக் காட்டுகிறது. ஸ்கேன் செய்யத் தொடங்கும் முன்பே அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, `Format Cells` சென்று `Text` என்று மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் தொடக்கத்தில் இருந்த சுழியம் திரும்பி வராது. எக்செல் பதினைந்து இலக்கத்துக்கு மேல் எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்வதும் இல்லை, நீண்ட குறிகளின் கடைசி இலக்கங்கள் சுழியமாகிவிடும்.

தொடக்கச் சுழியம் இன்னோர் இடத்திலும் காலை வாரும். அமெரிக்கப் பொருள்களில் பன்னிரண்டு இலக்கக் குறி இருக்கும். ஒரு ஸ்கேனர் அதைப் பன்னிரண்டாகவே தட்டும். மற்றொன்று முன்னால் ஒரு சுழியம் சேர்த்துப் பதின்மூன்றாகத் தட்டும். ஒன்றால் பதிவு செய்த சாக்லேட் மற்ற மேசையில் ‘இல்லை’ என்று வந்தால் இரு ஸ்கேனர்களின் `UPC-A` அமைப்பையும் ஒரே மாதிரி ஆக்குங்கள்.

எண்கள் விழுங்கப்படும்போது

சில நேரம் பதின்மூன்று இலக்கத்தில் பதினொன்றுதான் விழும், அல்லது என்டர் மட்டும் காணாமல் போகும். நோட்பேடில் எப்போதும் சரியாக வந்து, பில் மென்பொருளில் மட்டும் இப்படியானால் வேகம்தான் காரணம். பழைய கணினி, இணையம் வழியாக வேறிடத்துக் கணினியில் ஓடும் மென்பொருள், ஒவ்வொரு விசைக்கும் பட்டியலைத் தேடும் பக்கம் ஆகியவை ஸ்கேனரின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. கையேட்டில் `Keystroke Delay` அல்லது `Inter-Character Delay` என்ற பக்கத்தில், விசைக்கும் விசைக்கும் இடையே காத்திருக்கும் நேரத்தைக் கூட்டலாம். ஸீப்ரா ஸ்கேனர்களில் 20 மில்லி வினாடி, 40 மில்லி வினாடி என்று இரண்டு படிகள் உண்டு. 20 வைத்தால், பதின்மூன்று இலக்கமும் ஒரு என்டரும் தட்டி முடிக்கக் கூடுதலாக ஆகும் நேரம் கால் வினாடிக்குச் சற்று மேல்தான். பில் போடுபவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. முதலில் 20, போதாவிட்டால் 40.

வயர்லெஸ் ஸ்கேனரைக் கைப்பேசியுடன் ப்ளூடூத்தில் இணைப்பவர்கள் ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: இணைந்தவுடன் திரை விசைப்பலகை மறைந்துவிடும். வெளி விசைப்பலகை ஒன்று வந்துவிட்டது என்று கைப்பேசி எடுத்துக்கொள்வதால் வரும் விளைவு அது. ஆண்ட்ராய்டில் வெளி விசைப்பலகைக்கான அமைப்பில், திரை விசைப்பலகையையும் காட்டு என்று ஒரு தெரிவு இருக்கிறது.

அமைப்பு இருப்பது ஸ்கேனருக்குள்

மேலே செய்த மாற்றங்கள் பெரும்பாலும் ஸ்கேனரின் நினைவிலேயே பதிகின்றன. கணினியை மாற்றினாலும், விண்டோஸை மறுபடி நிறுவினாலும் பின்னொட்டு மாறாது. ஸ்கேனரை மாற்றினால் மாறும். கேப்ஸ் லாக், தமிழ் விசைப்பலகை, எக்செல் பத்தி ஆகிய மூன்றும் மட்டும் கணினிப் பக்கம். நேற்றுவரை சரியாக இருந்தது இன்று திடீரென்று கெட்டுவிட்டால், ஸ்கேனரை வேறு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கும் அதே கோளாறு என்றால், யாரோ கையேட்டுக் குறி ஒன்றின் மீது ஸ்கேனரைக் காட்டியிருக்கிறார்கள். பில் மேசையில் கையேட்டை விரித்து வைப்பதால் இது அடிக்கடி நடக்கும்.

கையேட்டை அலமாரியில் வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பயன்பட்ட குறிகளை மட்டும் நறுக்கி அல்லது தனியாக அச்சிட்டு, காட்ட வேண்டிய வரிசைப்படி எண்ணிட்டு, நன்றாக இடைவெளி விட்டு ஒரு அட்டையில் ஒட்டுங்கள்: நீக்கு, என்டர் சேர், தேவையானால் தாமதம். ஸ்கேனரின் மாதிரி எண்ணையும் அதன் மேல் எழுதுங்கள். அட்டையைக் கல்லாவுக்குள் வையுங்கள். இரண்டாவது மேசைக்கு அதே மாதிரி ஸ்கேனர் வாங்கும் நாளில், அட்டையில் உள்ள குறிகளை வரிசையாகக் காட்டி, நோட்பேடில் மூன்று முறை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுப் பில் போடத் தொடங்கலாம்.